லேப்டாப் விலையை எந்தச் சொல்லால் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1. "விலை அதிகம்னு சொன்னா போதாதா? அதுக்கு எதுக்கு இத்தனை சொல்லு?"

போதாது என்பதை நான் ஒரு வீட்டின் செலவில் தெரிந்துகொண்டேன். பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. 72,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப் பார்த்து வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்கள். "விலை அதிகம்க்கா, வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். ஒன்றரை மாதம் முன்பு அதே லேப்டாப் 66,000க்கு விற்றது, கொஞ்சம் பொறுத்தால் மறுபடி இறங்கும் என்பதுதான் என் மனதில் இருந்தது. அக்கா காதில் விழுந்தது வேறு. இந்த அளவு லேப்டாப்பே நமக்குத் தேவையில்லை என்று எடுத்துக்கொண்டு, அந்த வாரமே 49,000க்கு ஒன்று வாங்கிவிட்டார்கள்.

அதில் 8 ஜிபி ராம், அதுவும் மதர்போர்டிலேயே சோல்டர் செய்தது. இரண்டாம் ஆண்டில் செல்போன் ஆப் எழுத ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவைத் திறந்து, கூடவே எமுலேட்டரையும் ஓட்டியதும் லேப்டாப் அப்படியே நின்றுபோனது. ராம் கூட்டவும் வழியில்லை. அன்றைக்கு நான் "இப்போதைய விலை கூடுதல், தீபாவளி வரை பொறுங்க" என்று சொல்லியிருந்தால் போதும். அதற்கப்புறம் லேப்டாப் வாங்குபவர்களுக்கு வழிகாட்டிக் குறிப்பு எழுதும்போதும் சரி, நேரில் கேட்பவர்களுக்குச் சொல்லும்போதும் சரி, "விலை அதிகம்" என்று மொட்டையாக நிறுத்துவதில்லை. அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

2. "சரி, அப்போ எப்படிப் பிரிக்கிறது? சுருக்கமா சொல்லுங்க."

எதோடு ஒப்பிட்டு அதிகம் என்று கேளுங்கள். மூன்று பதில்தான் வரும். பொருளோடு ஒப்பிட்டால், கொடுக்கிற காசுக்கு அதில் சரக்கு இருக்கிறதா என்பது கேள்வி. சரக்கு இருந்தால் பிரீமியம், இல்லாவிட்டால் அந்த விலை பெறாது. சந்தையோடு ஒப்பிட்டால், அதே பொருள் வேறு கடையிலோ வேறு மாதத்திலோ குறைவாகக் கிடைக்கிறதா என்பது கேள்வி. அதற்குக் கூடுதல் விலை, கிராக்கி விலை என்ற சொற்கள் இருக்கின்றன. மூன்றாவது வாங்குபவரின் கையிருப்பு. அதற்குக் கட்டுப்படியாகாது என்ற நல்ல சொல் ஏற்கெனவே நம்மிடம் புழக்கத்தில் இருக்கிறது.

"காஸ்ட்லி" என்ற ஒரே சொல் இந்த மூன்றையும் சேர்த்து மூடிவிடுகிறது. கேட்பவர் தனக்குத் தோன்றியதை எடுத்துக்கொள்வார், அக்கா எடுத்துக்கொண்ட மாதிரி.

3. "விலை உயர்ந்தது, விலை அதிகம், ரெண்டும் ஒண்ணுதானே?"

அகராதியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம், காதில் வேறு வேறாகத்தான் விழும். "விலை உயர்ந்த செல்போன் திருட்டு" என்று செய்தித்தாளில் வந்தால் அந்த போன் மதிப்புள்ளது என்று படிக்கிறோம். "அந்த செல்போன் விலை அதிகம்" என்றால் வாங்கவேண்டாம் என்று படிக்கிறோம். முதலாவதில் ஒரு மரியாதை இருக்கிறது, இரண்டாவதில் ஒரு குறை இருக்கிறது. அதனால் தீர்ப்புச் சொல்லாமல் வெறும் இடத்தை மட்டும் காட்டவேண்டிய இடத்தில் இரண்டையும் தவிர்த்துவிட்டு, "ஒரு லட்சத்துக்கு மேல் விற்கும் லேப்டாப்கள்" என்று எண்ணாகவே எழுதிவிடுவேன். ஈழத்து நண்பர்கள் "விலை கூட" என்பார்கள். அதுவும் தீர்ப்புப் போலத்தான் கேட்கும்.

4. "பிரீமியம்னா என்ன? கடையில எல்லாத்தையும் பிரீமியம்னுதான் சொல்றாங்க."

கூடுதலாகக் கொடுத்த காசு எங்கே போனது என்று கையால் தொட்டுக் காட்ட முடிந்தால் அது பிரீமியம். காட்ட முடியாவிட்டால் அந்தச் சொல்லை வழிகாட்டியில் எழுதக்கூடாது என்பது என் கட்டுப்பாடு. கடையில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். மேசையில் வைத்து மூடியை ஒரே விரலால் தூக்குங்கள். அடிப்பாகம் மேசையோடு நிற்க, மூடி மட்டும் மேலே வந்தால் கீலைக் கவனித்து வடிவமைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு விசைப்பலகையின் நடுவில், G, H எழுத்துகள் இருக்கும் இடத்தில் அழுத்துங்கள். பலகை தொட்டில் மாதிரி உள்வாங்கினால் உள்ளே தாங்கும் சட்டம் மெல்லியது. மூடியின் இரண்டு மூலைகளையும் பிடித்து லேசாக முறுக்கும்போது திரையில் அலை ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து திரை. விவரப் பட்டியலில் நிற அளவு 45% NTSC, வெளிச்சம் 250 nits என்று இருந்தால் அது விலை குறைந்த லேப்டாப்களில் வரும் சாதாரணத் திரை. 100% sRGB, 400 nits என்றால் நல்ல திரை. எண்கள் புரியாவிட்டால் உங்கள் போனில் குங்குமமோ சிவப்புப் பட்டுப்புடவையோ இருக்கிற ஒரு படத்தை எடுங்கள். அதே படத்தை லேப்டாப்பிலும் திறந்து பக்கத்தில் வையுங்கள். முதல் வகைத் திரையில் குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். படம், வீடியோ எடிட் செய்யும் ஒருவருக்கு இந்த ஒரு வேறுபாடே பல ஆயிரம் ரூபாய் மதிப்புள்ளது.

கண்ணுக்குத் தெரியாத பிரீமியமும் உண்டு. அலுவலகங்களுக்கு விற்கும் வரிசைகளில் பலவற்றை மூன்று ஆண்டு வாரண்டியோடு வாங்கலாம், பழுதானால் பொறியாளர் இடத்துக்கே வந்து சரிசெய்வார். திருநெல்வேலியிலோ தேனியிலோ இருப்பவருக்கு, சர்வீஸ் சென்டருக்கு பஸ்ஸில் எடுத்துப்போகும் இரண்டு நாள் மிச்சம். அதையும் விலைக்குள் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

5. "மெட்டல் பாடி இருந்தாலே பிரீமியமா?"

இல்லை. "மெட்டல் கவர்" என்று போட்டிருக்கும் பல லேப்டாப்களில் மேல் மூடி மட்டும்தான் அலுமினியம். விசைப்பலகைச் சட்டமும் அடித்தட்டும் பிளாஸ்டிக். அதே நேரம், கார்பன் ஃபைபரும் மக்னீசியமும் கலந்து செய்த சில அலுவலக லேப்டாப்கள் தொட்டால் பிளாஸ்டிக் போலவே இருக்கும், ஆனால் எடையும் குறைவு, உறுதியும் அதிகம். பொருளின் பெயரை விட்டுவிட்டு மேலே சொன்ன விரல் சோதனையைச் செய்யுங்கள்.

6. "ஓவர் பிரைஸ்னு சொல்ல தமிழ்ல நேரான சொல் இருக்கா?"

இருக்கிறது. "அவ்வளவு பெறாது." சந்தையில் மாடு பிடிக்கிறவரும், பழைய வீட்டுக்கு விலை பேசுகிறவரும் சொல்வது இதுதான். "இருபதாயிரம் பெறும், முப்பது பெறாது" என்னும்போது பொருள் மோசம் என்று சொல்லவில்லை, விற்பவரைத் திட்டவும் இல்லை. பொருளுக்கும் விலைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை மட்டும் சொல்கிறோம். எனக்கு இந்தச் சொல் பிடிக்கக் காரணம், அது உடனே அடுத்த கேள்வியை இழுத்து வரும்: "அப்போ எவ்வளவுதான் பெறும்?" பதில் எண்ணாக வந்தே ஆகவேண்டும். ஓவர் பிரைஸ் என்று சொல்லிவிட்டு நழுவிவிடலாம். பெறாது என்று எழுதியவர் ஒரு தொகை சொல்லாமல் நழுவ முடியாது.

பெறுமதி என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். இலங்கையில் அது அன்றாடப் பேச்சிலேயே இருக்கிறது.

7. "ஒரு லேப்டாப் எவ்வளவு பெறும்னு எப்படிக் கணக்குப் போடறது?"

அதே பிராசசர் இருக்கிற, அதே அளவு திரை உள்ள ஒரு எளிய லேப்டாப்பை அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கிற லேப்டாப்பில் அதைவிட என்னென்ன கூடுதல் என்று எழுதி, ஒவ்வொன்றையும் தனியாக வாங்கினால் என்ன விலை என்று விசாரித்துப் பக்கத்தில் போடுங்கள். கூட்டி வருவதையும் இரண்டு லேப்டாப்களின் விலை வித்தியாசத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நண்பர் ஒருவருக்காக நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். அடித்தளம் 58,000 ரூபாய். பார்த்த லேப்டாப் 79,000. வித்தியாசம் 21,000. ராம் 8 ஜிபிக்குப் பதில் 16 ஜிபி, அன்றைய கடை விலையில் 3,500. எஸ்.எஸ்.டி. 512 ஜிபிக்குப் பதில் 1 டெரா, 3,000. நான்காம் கேள்வியில் சொன்ன நல்ல திரை, இரண்டு திரைகளையும் தனித்தனியாக வாங்கினால் வரும் வித்தியாசம் 5,500. வாரண்டி ஓராண்டுக்குப் பதில் மூன்றாண்டு, தனியாக வாங்கினால் 5,000. கூட்டினால் 17,000. மிச்சம் 4,000. அந்த 4,000க்கு என்ன வந்தது? எடை 1.7 கிலோவுக்குப் பதில் 1.35 கிலோ, கீல் உறுதி, விசைப்பலகை நன்றாக இருந்தது. தினம் மின்சார ரயிலில் தோளில் தொங்கவிட்டுப் போகிறவர் அவர். தயங்காமல் பிரீமியம் என்றேன், வாங்கினார்.

அதே நாள் பக்கத்து அடுக்கில் 76,000க்கு இன்னொன்று இருந்தது. அடித்தளத்தைவிட 18,000 கூடுதல். கூடுதலாக இருந்தது 16 ஜிபி ராமும், மூடியில் ஒரு பளபளப்பும்தான். திரை அதே 45% NTSC. 3,500ஐக் கழித்தால் 14,500க்குப் பெயர் சொல்ல ஒன்றும் இல்லை. அது 76,000 பெறாது. 62,000, மிஞ்சிப்போனால் 63,000 பெறும். கணக்கில் வந்த விலைகள் மாதத்துக்கு மாதம் மாறும், அதனால் இந்த எண்களை எடுத்துக்கொள்ளாமல் வழியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

8. "அந்தக் கணக்குல மேக்புக் எங்க நிக்கும்?"

ஒரே சொல்லில் அடக்க முடியாத நல்ல உதாரணம் அது. 2025 மார்ச்சில் வந்த எம்4 மேக்புக் ஏர், இந்தியாவில் 16 ஜிபி ராம், 256 ஜிபி சேமிப்போடு 99,900 ரூபாய்க்குத் தொடங்கியது. விசிறி இல்லாமல் சத்தமின்றி ஓடுகிறது, பேட்டரி நாள் முழுக்க நிற்கிறது, திரை அருமை. ஏழாம் கேள்விக் கணக்கைப் போட்டால் அந்த விலை பெறும், பிரீமியம் என்று தாராளமாக எழுதலாம்.

சேமிப்பை 512 ஜிபி ஆக்கினால் 1,19,900 ஆனது. அதாவது கூடுதல் 256 ஜிபிக்கும், கூடவே வந்த கொஞ்சம் வேகமான கிராபிக்ஸுக்கும் சேர்த்து 20,000 ரூபாய். அதே சமயத்தில் கடையில் 1 டெரா எஸ்.எஸ்.டி. முழுசாகவே அதில் பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைத்தது. சேமிப்பு சோல்டர் செய்யப்பட்டிருப்பதால் அப்புறம் மாற்றிக்கொள்ளவும் முடியாது. அதனால் நான் எழுதுவது இப்படி: அடிப்படை மாடல் அதன் விலை பெறும், அதற்கு மேல் கேட்கும் 20,000 பெறாது. "மேக்புக் காஸ்ட்லி" என்று சொன்னால் முதல் பாதி பொய்யாகும், "மேக்புக் மதிப்புள்ளது" என்று சொன்னால் இரண்டாம் பாதி பொய்யாகும். படங்களை வெளி எஸ்.எஸ்.டி.யில் வைத்துக்கொள்ள முடிகிறவர்கள் முதல் மாடலோடு நின்றுவிடலாம்.

9. "பேரு புதுசு, விலையும் புதுசு. உள்ள பழசுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

பிராசசர் பெயரில் இருக்கிற எண்ணைப் படிக்கவேண்டும். ஏ.எம்.டி.யின் 7000 வரிசையில் நான்கு இலக்கங்களில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கிற வடிவமைப்பின் தலைமுறை. `Ryzen 5 7520U` என்றால் மூன்றாவது இலக்கம் 2, அதாவது ஜென் 2. அது 2019இல் வந்த வடிவமைப்பு. `Ryzen 5 7530U` ஜென் 3. `Ryzen 5 7640U` ஜென் 4. மூன்றுமே ரைசன் 5, மூன்றுமே 7000 வரிசை. வேகத்தில் பெரிய இடைவெளி. முதல் வகை இணையம், வேர்டு, பாடம் பார்ப்பது இவற்றுக்குப் போதும், அதற்கேற்ற குறைந்த விலையில் விற்றால் அது நல்ல சரக்கு. 7000 என்ற எண்ணைக் காட்டி அடுத்த இரண்டின் விலைக்கு விற்றால் அந்த விலை பெறாது.

கேமிங் லேப்டாப்பில் இதே விஷயம் வாட் கணக்கில் ஒளிந்திருக்கும். லேப்டாப்புக்கான `RTX 4060` கிராபிக்ஸ் சில்லு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் வரலாம் என்று என்விடியாவே சொல்கிறது. மெல்லிய லேப்டாப்பில் குறைந்த வாட்டில் ஓடும் 4060, தடித்த லேப்டாப்பில் முழு வாட்டில் ஓடும் 4050யிடம் தோற்கக்கூடும். வாட் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தின் விவரப் பக்கத்தில் TGP என்று தேடுங்கள். அது கிடைக்காத லேப்டாப்புக்கு நான் விலைத் தீர்ப்பே எழுதுவதில்லை.

10. "எம்.ஆர்.பி. 92,000 போட்டு 61,000க்குத் தர்றாங்க. மலிவுதானே?"

எம்.ஆர்.பி. என்பது இதற்கு மேல் விற்கக்கூடாது என்ற கூரை. சட்டப்படி எல்லா வரியும் அதற்குள் அடக்கம். லேப்டாப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதைத் தனியாக மேலே ஏற்றிக் கேட்டாலும் தவறு. ஆனால் லேப்டாப்பைப் பொறுத்தவரை அந்தக் கூரை ரொம்ப உயரத்தில் இருக்கும், யாரும் அந்த விலைக்கு விற்பதில்லை. அதனால் அடித்துக் காட்டிய 92,000ஐ மறந்துவிட்டு, கடந்த மூன்று மாதங்களில் அதே மாடல் எண் என்ன விலைக்கு விற்றது என்று பாருங்கள். 60,000க்கும் 62,000க்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தால் 61,000 என்பது வழக்கமான விலை. மலிவு என்று எழுத, வழக்கமான விலையைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கியிருக்கவேண்டும்.

மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை ஒப்பிடுங்கள். கடைசி இரண்டு எழுத்துகள் மாறினால் உள்ளே திரையோ ராமோ மாறியிருக்கும்.

11. "நோ காஸ்ட் இ.எம்.ஐ.ல எடுத்தா விலை ஏறாதுல்ல?"

கொஞ்சம் ஏறும். வட்டி இல்லாமல் வங்கி கடன் தருவதில்லை. அந்த வட்டி அளவுக்குக் கடை உங்களுக்குத் தள்ளுபடி தருகிறது, அவ்வளவுதான். 60,000 ரூபாய் லேப்டாப், ஆறு மாதம், மாதம் பத்தாயிரம் என்று வைத்துக்கொள்வோம். வங்கி ஆண்டுக்கு 16 சதவீதம் போட்டால் அந்த அறுபதாயிரத்துக்குள் சுமார் 2,700 ரூபாய் வட்டி. வட்டியைக் கடை ஏற்றுக்கொள்ளும், ஆனால் வட்டி மேல் வரும் 18 சதவீத ஜி.எஸ்.டி., கிட்டத்தட்ட 490 ரூபாய், உங்கள் அட்டைக் கணக்கில் வரும். செயலாக்கக் கட்டணம் தனி. முழுத்தொகையாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி ஏதாவது இருந்தால் அதுவும் கைவிட்டுப் போகும்.

வழிகாட்டியில் ஒப்பிடும்போது எல்லா லேப்டாப்புக்கும் முழுத்தொகை விலையைத்தான் போடவேண்டும். மாதம் 3,400 என்று எழுதினால் எதுவும் விலை குறைவாகத்தான் தெரியும்.

12. "கிராக்கி விலைன்னு எதைச் சொல்றீங்க?"

பொருள் மாறாமல், தட்டுப்பாட்டால் விலை ஏறியது. 2011இல் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்து ஹார்ட் டிஸ்க் ஆலைகள் மூழ்கின. உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை ஏறியது, இறங்கப் பல மாதங்கள் ஆயின. 2025 கடைசியில் ராமுக்கு அதே கதை. தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக இழுத்துக்கொள்ள, கடைகளில் விற்கும் ராம் விலை எகிறியது. அந்த நேரத்தில் ஏழாம் கேள்விக் கணக்கைப் போட்டவருக்கு 3,500 என்ற எண் உதவியிருக்காது.

இப்படி ஏறிய லேப்டாப்பை ஓவர் பிரைஸ் என்றால் தயாரிப்பாளர் மேல் வீண்பழி, பிரீமியம் என்றால் வாங்குபவரை ஏமாற்றுவது. "கிராக்கியால் ஏறிய விலை" என்று எழுதினால், இந்த ஏற்றம் பொருளின் தரத்தால் வந்ததல்ல, அவசரமில்லாதவர் பொறுக்கலாம் என்று புரியும்.

13. "என் பட்ஜெட் 45,000. 60,000 லேப்டாப்பை காஸ்ட்லின்னு நான் சொன்னா தப்பா?"

நீங்கள் சொல்லலாம், உங்கள் பணம். வழிகாட்டி எழுதுகிறவர் சொல்லக்கூடாது, உங்கள் கையிருப்பு அவருக்குத் தெரியாது. உங்களுக்கே கூட "கட்டுப்படியாகாது" என்பதுதான் பொருத்தமான சொல். பொருளைக் குறை சொல்லாமல் உங்கள் நிலைமையைச் சொல்கிறது. அப்படிச் சொன்னால் கடைக்காரரும் பேச்சை மாற்றுவார். "காஸ்ட்லியா இருக்கே" என்றால் அந்த லேப்டாப்பின் பெருமையை அடுக்க ஆரம்பிப்பார். "கட்டுப்படியாகாதுங்க, 45தான் இருக்கு" என்றால் 45க்குள் இருப்பதை எடுத்துக் காட்டுவார்.

ஒரே லேப்டாப்பின் விலைகூட ஆளுக்கு ஆள் மாறும். 1,18,000 ரூபாய் லேப்டாப்பில் 18,000 ரூபாய் ஜி.எஸ்.டி. அடக்கம். ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்த நிறுவனம் தொழிலுக்காக வாங்கினால் அந்த 18,000ஐத் தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அவர்களுக்கு அது ஒரு லட்ச ரூபாய் லேப்டாப். அதே பெட்டியை மாணவர் வாங்கினால் 1,18,000.

14. "அநியாய விலை, கொள்ளை விலை, யானை விலை குதிரை விலை... இதெல்லாம் எழுதலாமா?"

யானை விலை குதிரை விலை எழுதவேண்டாம், பேச்சில் கோபம் காட்ட உதவும், வாங்குபவருக்கு ஒரு தகவலும் தராது. அநியாயம் என்ற சொல்லுக்கு எடை அதிகம். யாரோ ஒருவர் நியாயம் தவறினார் என்று குற்றம் சாட்டுகிறது. எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றால், பிரித்த பெட்டியைப் புதிது என்று முழு விலைக்கு விற்றால், வேண்டாத பொருளைச் சேர்த்து வாங்கினால்தான் லேப்டாப் என்றால், அங்கே தைரியமாக எழுதலாம். ஒரு கடையில் 1,500 ரூபாய் ஆன்டிவைரஸ் வாங்காவிட்டால் பில் போடமாட்டோம் என்று என்னிடமே சொன்னார்கள். அது அநியாயம்தான், எழுதவும் செய்தேன். ஏழாம் கேள்வியில் வந்த 76,000 லேப்டாப் அப்படியில்லை. விலை பெறாத பொருளை வெளிப்படையாக விலை போட்டு வைத்திருக்கிறார்கள், வாங்காமல் நகர உங்களுக்கு உரிமை இருக்கிறது.

15. "ஒரே லேப்டாப் ஒருத்தருக்குப் பெறும், இன்னொருத்தருக்குப் பெறாதுன்னு ஆகுமா?"

என்னிடம் கேட்டால் ஆகாது. பெறுவது பொருளின் கணக்கு, அதைச் சந்தையில் விசாரித்துப் போட்டோம். பயன் என்பது ஆளின் கணக்கு. இரண்டையும் கலந்தால் மறுபடி "காஸ்ட்லி" என்ற குழப்பத்துக்கே வந்து நிற்போம். நல்ல ஓ.எல்.இ.டி. திரையுள்ள 95,000 ரூபாய் லேப்டாப் அந்த விலை பெறலாம். நாள் முழுக்க டேலியில் கணக்கு எழுதும் ஒருவருக்கு அந்தத் திரை தேவையில்லை. அவருக்குச் சொல்லவேண்டியது "பெறும், ஆனால் உங்கள் வேலைக்கு வேண்டாம்" என்பது. அவர் மகள் அனிமேஷன் படிக்கிறாள் என்றால் அதே குறிப்பைப் படித்து அவளுக்காக வாங்கிக்கொள்வார். "பெறாது" என்று எழுதியிருந்தால் அந்தப் பெண்ணுக்கும் கிடைக்காமல் போயிருக்கும்.

16. "பெறாதுன்னு நீங்க எழுதின லேப்டாப் ரெண்டே மாசத்துல 12,000 குறைஞ்சிடுச்சு. அப்போ நீங்க எழுதினது தப்பா?"

எழுதிய நாளில் சரி. பழைய குறிப்பைத் திருத்தாமல் விட்டிருந்தால் அது தப்பு. புதிய மாடல் அறிமுகமாகும்போது இருக்கிற விலையும், ஆறு மாதம் கழித்துப் பண்டிகை விற்பனையில் இருக்கிற விலையும் வேறு. அதனால் பெறும், பெறாது என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் தேதியும் அன்றைய விலையும் பக்கத்திலேயே இருக்கவேண்டும். நான் இன்னொன்றும் சேர்க்கிறேன்: எந்த விலைக்கு வந்தால் வாங்கலாம் என்ற எண். ஆறாம் கேள்வியில் சொன்ன "எவ்வளவுதான் பெறும்" என்பதற்கான பதில் அது. அந்த எண் இருந்தால், நான் திருத்தத் தாமதமானாலும் படிப்பவர் தானே முடிவெடுத்துக்கொள்வார்.

17. "ஒரு வரியை எடுத்துத் திருத்திக் காட்டுங்களேன், பார்த்துக்கறோம்."

எனக்குத் திருத்தக் கொடுத்த ஒரு வரைவில் இருந்தது: "நல்ல லேப்டாப், ஆனால் விலை சற்று அதிகம்." படிப்பவர் வாங்குவதா வேண்டாமா என்று இதில் தெரியவில்லை. எழுதியவரிடம் எதைவிட அதிகம் என்று கேட்டேன். போட்டி லேப்டாப் 7,000 குறைவு என்றார். அதில் என்ன இல்லை என்று கேட்டேன். யோசித்துவிட்டு, திரை சுமார், வாரண்டி ஓராண்டுதான் என்றார். இரண்டையும் விசாரித்துக் கூட்டினால் 8,000க்கு மேல் வந்தது. அதாவது அவர் அதிகம் என்று எழுதிய லேப்டாப்தான் உண்மையில் விலைக்கு மேலேயே பெறுகிறது.

கடைசியில் அந்த வரி இப்படி வந்தது: "போட்டி லேப்டாப்பைவிட 7,000 ரூபாய் கூடுதல். அதற்கு நல்ல திரையும் மேலும் இரண்டு ஆண்டு வாரண்டியும் கிடைக்கின்றன, கொடுக்கிற காசு பெறும். வெளியூரில் தங்கிப் படிப்பவர் இதை வாங்கலாம். வீட்டில் ஓரிடத்தில் வைத்து ஒன்றிரண்டு மணிநேரம் மட்டும் பயன்படுத்துகிறவருக்குப் போட்டி லேப்டாப்பே போதும், 7,000 மிச்சம்."